‘நீங்கள்’ என்று எழுதினால் போதுமா? பெரியவர்களுக்குத் தமிழில் கடிதம் எழுதத் தொடங்குபவர்களுக்கு

மொரீஷியஸில் தமிழ் கற்கும் ஒருவருக்கு ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டை விளக்க அதிக நேரம் ஆகாது. பிரெஞ்சில் ‘தூ’, ‘வூ’ இருக்கின்றன. கிரியோலில் ‘தோ’, ‘ஊ’ இருக்கின்றன. நண்பனுக்கு ஒன்று, ஆசிரியருக்கு இன்னொன்று என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் முதல் நாளே எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ‘நீங்கள்’ என்று சரியாகத் தொடங்கிய கடிதம் இரண்டாவது வரியிலேயே வயதான ஓர் ஆசிரியரை முகம் சுளிக்க வைத்துவிடும். எழுதியவருக்கு ஏன் என்றே புரியாது.

காரணம் எளிது. கிரியோலில் ஆளுக்கு ஏற்ப வினைச்சொல் மாறுவதில்லை. ‘தோ தி வினி’ என்றாலும் ‘ஊ தி வினி’ என்றாலும் ‘வினி’ அப்படியே நிற்கும். மரியாதை முழுவதும் அந்த ஒரு சின்னச் சொல்லில் இருக்கிறது. தமிழில் அது வாக்கியத்தின் கடைசி வரை போகிறது. அதோடு எதிரில் இருப்பவரோடும் நின்றுவிடாது. நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவருக்கும் மரியாதை உண்டு, அதையும் வினைதான் காட்ட வேண்டும். பிரெஞ்சும் கிரியோலும் இந்த இடத்தில் கைகொடுக்காது.

ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ரோஸ் ஹில்லில் தமிழ் படிக்கும் ஓர் இளம்பெண், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரை வருடப் பிறப்பு விழாவில் பேச அழைக்கிறார் என்று வையுங்கள். அவரை இவர் நேரில் பார்த்ததில்லை. முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“மதிப்பிற்குரிய ஐயா, நீங்கள் நலமாக இருக்கிறாயா? நான் ரோஸ் ஹில்லில் தமிழ் படிக்கிறேன். எங்கள் தலைமை ஆசிரியை உங்களைப் பற்றிச் சொன்னாள். அவள் உங்கள் பழைய மாணவி. ஏப்ரல் மாதம் நாம் வருடப் பிறப்பு விழா நடத்துகிறோம். தயவுசெய்து வந்து பேசு. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். உங்களுக்கு என் வாழ்த்துகள்.”

இதை எழுதியவர் மரியாதை இல்லாதவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ‘மதிப்பிற்குரிய’ இருக்கிறது, ‘ஐயா’ இருக்கிறது, ‘தயவுசெய்து’ கூட இருக்கிறது. ஆனாலும் இது அனுப்பக்கூடிய கடிதம் இல்லை. ஒவ்வொரு வரியாகப் போவோம்.

‘மதிப்பிற்குரிய ஐயா’ நல்ல தொடக்கம், தொட வேண்டாம். உறவினர் அல்லாத பெரியவருக்கு எழுதும்போது ‘ஐயா’, பெண்ணாக இருந்தால் ‘அம்மா’. இந்த இரண்டையும் நம்பி எழுதலாம், பெரும்பாலும் தவறாகப் போகாது. கிரியோலில் பக்கத்து வீட்டுப் பெரியவரை ‘தோந்தோன்’ என்றும் ‘தாந்தின்’ என்றும் கூப்பிட்டுப் பழகியவர்கள் அதே பாசத்தில் ‘மாமா’, ‘அத்தை’ என்று எழுதிவிடுவதுண்டு. நேரில் பழகிய குடும்ப நண்பருக்கு அது சரி. முன்பின் தெரியாத ஆசிரியருக்கு எழுதும் முதல் கடிதத்தில் உறவுமுறை வேண்டாம். ‘அன்புள்ள’ என்று தொடங்குவது தவறில்லை, ஆனால் அது பழகியவருக்கு. முதல் கடிதத்துக்கு ‘மதிப்பிற்குரிய’ என்பதே பொருத்தம். ‘அன்பான ஐயா’ என்பது பிரெஞ்சுக் கடிதத்தின் தொடக்கத்தை அப்படியே தமிழாக்கியது போல ஒலிக்கும்.

அடுத்து ‘நீங்கள் நலமாக இருக்கிறாயா?’. இங்கே எழுவாய் மரியாதையாக இருக்கிறது, வினை மரியாதையாக இல்லை. ‘-ஆய்’ என்று முடிந்தால் அது ‘நீ’க்கு உரியது: வந்தாய், சொன்னாய், வருவாய். ‘நீங்கள்’ வந்தால் முடிவு ‘-ஈர்கள்’: வந்தீர்கள், சொன்னீர்கள், வருவீர்கள். ‘நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?’ என்று எழுத வேண்டும். ‘நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்’ என்றும் எழுதலாம். பெரியவர்களிடம் நேராகக் கேள்வி கேட்பதைவிட இது கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கடிதத்தை மேலிருந்து கீழே படிக்காமல், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் பாருங்கள். அங்கே ‘-ஆய்’ இருக்கிறதா, ‘வா, போ, சொல், அனுப்பு’ போன்ற வெறும் ஏவல் இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து ‘உன், உனக்கு, உன்னை’ எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே உள்ள வரைவில் ‘உன் பதிலுக்கு’ அப்படித்தான் தப்பியிருக்கிறது. தொடக்கத்தில் கவனமாக இருப்பவர்கள்கூட நாலு வரி தாண்டியதும் இதில் நழுவுவார்கள்.

இந்த ‘நீ’யும் ‘உன்’னும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன? என் ஊகம், கோவிலிலிருந்து. இங்கே பலருக்குக் காதில் அதிகம் விழும் தமிழ், பூசையிலும் காவடியிலும் பாடப்படும் பாடல்களின் தமிழ்தான். அந்தப் பாடல்கள் முருகனை ‘நீ’ என்றும் ‘உன்’ என்றும்தான் அழைக்கின்றன. தமிழில் கடவுளுக்கு ‘நீங்கள்’ கிடையாது. அங்கே ‘நீ’ நெருக்கத்தின் அடையாளம். ‘முருகன் வந்தான்’ என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதே உரிமையை ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இப்போது வரைவில் என் பார்வையில் மிகப் பெரிய பிழைக்கு வருவோம். ‘எங்கள் தலைமை ஆசிரியை உங்களைப் பற்றிச் சொன்னாள். அவள் உங்கள் பழைய மாணவி.’ இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. ஆசிரியை பெண், பெண்ணுக்கு ‘அவள்’, ‘அவள்’ சொன்னாள். பிரெஞ்சில் ‘எல்’ என்று எழுதிப் பழகிய கைக்கு இது இயல்பாகவே வரும். பிரெஞ்சு ‘எல்’ மரியாதையும் காட்டாது, அவமதிக்கவும் செய்யாது. கிரியோல் ‘லி’ ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாது. தமிழ் ‘அவள்’ அப்படி இல்லை. அது நம்மைவிடச் சிறியவள் அல்லது மிக நெருங்கியவள் என்று சொல்கிறது. தலைமை ஆசிரியையை ‘அவள்’ என்று எழுதினால், அவர் அங்கே இல்லாவிட்டாலும், படிக்கும் பெரியவருக்கு அது உறுத்தும். தன் பழைய மாணவியைத் தானே ‘அவள்’ என்று சொல்லும் உரிமை அந்த ஆசிரியருக்கு உண்டு. கடிதம் எழுதும் பெண்ணுக்கு இல்லை.

இங்கே வேண்டியது ‘அவர்’. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மரியாதையும் உண்டு, வினை ‘-ஆர்’ என்று முடியும். ‘எங்கள் தலைமை ஆசிரியை உங்களைப் பற்றிச் சொன்னார். அவர் உங்கள் பழைய மாணவி.’ இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் ‘தலைமை ஆசிரியை அவர்கள் சொன்னார்கள்’ என்று எழுதலாம். பதவிக்கோ பெயருக்கோ பின்னால் ‘அவர்கள்’ சேர்த்தால் வினையும் ‘-ஆர்கள்’ என்று வருவதே ஒழுங்கு. ஆனால் ஒரு கடிதம் முழுக்க இப்படியே எழுதினால், ஒருவரா பலரா என்று குழப்பம் வரும். முதல் முறை பெயர் சொல்லும் இடத்தில் ‘அவர்கள்’, பிறகு ‘அவர்’ என்று எழுதுவது படிக்க நன்றாக இருக்கும்.

சொந்த வீட்டாரைப் பற்றிப் பெரியவருக்கு எழுதும்போது? ‘அம்மா சொன்னார்’, ‘அப்பா அனுப்பினார்’ என்பதே எழுத்தில் பாதுகாப்பானது. கதைகளில் ‘அம்மா சொன்னாள்’ என்று படித்திருப்பீர்கள். அது நெருக்கத்தின் மொழி, கதைக்கு அழகு. தம்பியைப் பற்றி எழுதும்போது ‘தம்பி வந்தான்’ என்றே எழுதுங்கள். ‘தம்பி வந்தார்’ என்றால் கேலி மாதிரி இருக்கும். ஆனால் கடிதம் பெறுபவரின் மகனைப் பற்றி எழுதினால், அவர் உங்களைவிட இளையவர் என்றாலும், வளர்ந்தவராக இருந்தால் ‘உங்கள் மகன் வந்தார்’ என்றே எழுதுங்கள். அது தந்தைக்குச் செய்யும் மரியாதை.

‘நாம் வருடப் பிறப்பு விழா நடத்துகிறோம்’ என்பதில் ஒரு சின்னத் தவறு. ‘நாம்’ என்றால் படிப்பவரும் சேர்ந்து நடத்துகிறார் என்று பொருள். அவருக்கு அழைப்பே இன்னும் போகவில்லையே! நடத்துபவர்கள் ‘நாங்கள்’.

சரி, ‘தயவுசெய்து வந்து பேசு’. வாக்கியத்தின் முன்னால் ‘தயவுசெய்து’ போட்டால் மரியாதை வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தமிழில் அந்த வேலையைச் செய்வது வினை. ‘தயவுசெய்து பேசு’ என்பது கெஞ்சலாக இருக்கலாம், மரியாதை ஆகாது. ‘தயவுசெய்து’ இல்லாமலே ‘பேசுங்கள்’ என்பது மரியாதைதான்.

ஆனால் ‘பேசுங்கள்’ என்பதிலும் ஒரு யோசனை தேவை. முதல் முறை எழுதும் பெரியவரிடம் ஒன்றைக் கேட்கும்போது ஏவல் வடிவமே வேண்டாம் என்பது என் கருத்து. ‘தாங்கள் வந்து உரையாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதலாம். ‘வர இயலுமா என்று தெரிவித்தால் மகிழ்வோம்’ என்றும் எழுதலாம். பிரெஞ்சு வழியாக யோசிப்பவர்கள் ‘வர வேண்டும்’ என்று எழுதத் தயங்குவார்கள், அது கட்டாயப்படுத்துவது போல அவர்களுக்குத் தோன்றும். தமிழில் அழைப்பு என்று வரும்போது அப்படி இல்லை. ‘நீங்கள் அவசியம் வர வேண்டும்’ என்பது அன்பான அழைப்பு. அப்படிச் சொல்லாவிட்டால்தான் சிலர் ‘ஒப்புக்குக் கூப்பிட்டார்கள்’ என்று நினைப்பார்கள். அதே ‘வேண்டும்’ ஒரு வேலையோடு சேர்ந்தால் நிலைமை தலைகீழ். ‘கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்’ என்று ஒரு பேராசிரியருக்கு எழுதினால் அது உத்தரவு. ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடிந்தால் உதவியாக இருக்கும்’ என்று எழுதுங்கள்.

இன்னொரு வடிவம் ‘அனுப்பவும்’, ‘வரவும்’. இது அறிவிப்புப் பலகையின் தமிழ். ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று கோவில் வாசலில் எழுதலாம், அங்கே அது யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஒரு பெரியவருக்கு எழுதும் கடிதத்தில் ‘பதில் அனுப்பவும்’ என்றால் அலுவலகச் சுற்றறிக்கை போல வறட்சியாக இருக்கும். இலக்கணத்தில் குற்றம் சொல்ல முடியாது, ஆனாலும் தவிர்ப்பது நல்லது.

பொருள் கேட்கும் இடத்தில் ஒரு பழைய நுட்பம். தாழ்ந்தவர் கேட்கும்போது ‘ஈ’, ஒத்தவர் கேட்கும்போது ‘தா’, உயர்ந்தவர் கேட்கும்போது ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. இன்று யாரும் இதை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனாலும் ‘உங்கள் முகவரியைக் கொடுங்கள்’ என்பதைவிட ‘தங்கள் முகவரியைத் தந்தால் நன்று’ என்பது இன்றும் காதுக்கு இதமாக இருக்கிறது. பழைய வேறுபாட்டின் வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போலும்.

இடையில் ‘தாங்கள்’, ‘தங்கள்’ என்று எழுதிவிட்டேன், அதைச் சொல்ல வேண்டும். ‘தாங்கள்’ என்பது ‘நீங்கள்’ என்பதைவிட ஒரு படி முறையானது. வினை மாறாது, அதே ‘-ஈர்கள்’ தான்: தாங்கள் வந்தீர்கள். அழைப்பிதழ், விண்ணப்பம், அதிகாரிக்கு எழுதும் கடிதம் ஆகியவற்றுக்கு ஏற்றது. தெரிந்த ஆசிரியருக்கு ‘நீங்கள்’ போதும், ‘தாங்கள்’ போட்டால் திடீரென்று தூரமாகிவிட்டது போலிருக்கும். எதைத் தேர்ந்தாலும் கடிதம் முழுவதும் அதையே வையுங்கள். ஒரு வரியில் ‘தங்கள்’, அடுத்த வரியில் ‘உங்கள்’ என்று கலந்தால், இரண்டு பேர் எழுதியது போலத் தெரியும். தொடங்குபவர்கள் ‘நீங்கள்’ என்பதிலேயே நிற்கலாம், அதில் குறை எதுவும் இல்லை.

கடைசி வரி, ‘உங்களுக்கு என் வாழ்த்துகள்’. வாழ்த்துவது பெரியவர்களின் வேலை என்பது பழைய வழக்கம். இளையவர் வணங்குவார், பெரியவர் ஆசி சொல்வார். பிறந்த நாளுக்கோ விருது கிடைத்ததற்கோ வாழ்த்துச் சொல்வதை இன்று யாரும் தவறாக எடுப்பதில்லை. ஆனால் காரணம் இல்லாமல் கடிதத்தின் முடிவில் ‘வாழ்த்துகள்’ என்பது, பிரெஞ்சுக் கடிதத்தின் கடைசி வரி இங்கே வந்து உட்கார்ந்தது போல இருக்கும். ‘வணக்கத்துடன்’, ‘பணிவுடன்’, ‘தங்கள் உண்மையுள்ள’ இவற்றில் ஒன்று போதும்.

திருத்திய கடிதம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் ரோஸ் ஹில்லில் தமிழ் படிக்கிறேன். எங்கள் தலைமை ஆசிரியை அவர்கள் உங்களைப் பற்றிச் சொன்னார்கள். அவர் உங்கள் பழைய மாணவி. ஏப்ரல் மாதம் நாங்கள் வருடப் பிறப்பு விழா நடத்துகிறோம். அதில் நீங்கள் அவசியம் கலந்துகொண்டு உரையாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வர இயலுமா என்று தெரிவித்தால் மகிழ்வோம். பணிவுடன்,”

அதன் கீழே முழுப் பெயர். கவனித்தீர்களா, ‘தயவுசெய்து’ ஓரிடத்திலும் இல்லை.

உறையின் மேல் எழுதும் பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மொரீஷியஸ்காரர்கள் தமிழ்நாட்டுக்கு எழுதும்போது தடுக்கி விழும் இடம் அது. இங்கே நமக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு தாத்தாவின் பெயர் பதிவேட்டில் ஏறிக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அதனால் ‘திரு’ போட்டுக் கடைசிப் பெயரை எழுதினால் இங்கே சரியாக இருக்கும். தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முன்னால் இருக்கும் தலைப்பெழுத்து தந்தையின் பெயர், பின்னால் இருப்பதுதான் அவருடைய சொந்தப் பெயர். ‘க. முருகேசன்’ என்றால் முருகேசன் அவர் பெயர், ‘க’ என்பது கந்தசாமி போன்ற தந்தையின் பெயராக இருக்கும். ஆனால் அதே மனிதர் பயண ஆவணங்களுக்காக ‘முருகேசன் கந்தசாமி’ என்று எழுதியிருக்கலாம். அதைப் பார்த்து நாம் ‘மதிப்பிற்குரிய திரு. கந்தசாமி’ என்று எழுதினால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டதாக ஆகிவிடும். அவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அப்படியே முழுப் பெயரையும் எழுதி, பின்னால் ‘அவர்கள்’ சேர்த்துவிடுங்கள். கடிதத்துக்குள் பெயரே வேண்டாம், ‘ஐயா’ போதும். பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் இருப்பதும் தமிழில் ஒரு மரியாதைதான்.

பட்டங்களை அடுக்க வேண்டாம். முனைவர் பட்டம் பெற்றவருக்கு ‘முனைவர்’, பேராசிரியருக்கு ‘பேராசிரியர்’ என்று எழுதினால் அங்கே ‘திரு’ தேவையில்லை. ‘மாண்புமிகு’ அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உரியது, பள்ளித் தலைவருக்குப் போட்டால் அவரே சிரிப்பார். ஒரு பெண் திருமணமானவரா என்று தெரியாதபோது ‘திருமதி’யா ‘செல்வி’யா என்று ஊகிக்கவே கூடாது. பதவிப் பெயர் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ‘திருமிகு’ என்று எழுதலாம், அது ஆண் பெண் இருவருக்கும் பொது.

வாட்ஸ்அப்பில் எல்லாம் சுருங்கிவிடும், அதில் தவறில்லை. ‘வணக்கம் ஐயா, நாளை வகுப்பு உண்டா?’ என்பது போதுமான மரியாதை. தமிழ்நாட்டு ஆசிரியராக இருந்தால் ‘சார்’, ‘மேடம்’ என்பதும் அன்றாட வழக்கு. ஆனால் ‘வணக்கம்’ மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல், கேட்க வந்ததை அதே செய்தியில் கேட்டுவிடுங்கள்.

பதில் வரும்போது ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். அந்தப் பெரியவர், ‘உன் கடிதம் கிடைத்தது. நீ தமிழ் படிப்பது மகிழ்ச்சி’ என்று எழுதக்கூடும். பிரெஞ்சில் ஒருவர் ‘தூ’வுக்கு மாறினால், நாமும் மாறலாம் என்ற அழைப்பு பல நேரம் அதில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. அவர் உங்களைத் தன் மாணவியாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அடுத்த கடிதத்திலும் ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். வேண்டுமானால் இந்த முறை ‘மதிப்பிற்குரிய’ என்பதை ‘அன்புள்ள ஐயா’ என்று மாற்றிக்கொள்ளலாம்.